11,840 படங்களை ஃபோல்டர் வாரியாகப் பிரித்தது: எங்கே தவறியது, எப்படிச் சரியானது

அக்கா ஒரு சான்றிதழின் படம் கேட்டார். "நீதானே போனில் எடுத்து வைத்தாய், அனுப்பி விடு" என்றார். எடுத்தது நான்தான், அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அது எங்கள் ஹார்ட் டிஸ்கில் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு போன், ஒரு கேமரா, எட்டு வருடம், மொத்தம் 11,840 படங்கள். தேடி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்று இரவே இதை ஒழுங்காகப் பிரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆவணங்கள் ஒரு பக்கம், சாப்பாட்டுப் படங்கள் ஒரு பக்கம், இயற்கைக் காட்சிகள் ஒரு பக்கம், மீதி எல்லாம் தனியாக.

படத்தைப் பார்த்து வகை சொல்லும் ஒரு மாடலைப் புதிதாக அடியிலிருந்து பயிற்றுவிக்கும் எண்ணமே இல்லை, அதற்குத் தேவையான அளவு லேபிள் போட்ட படங்களும் என்னிடம் இல்லை. ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலை எடுத்து, அதன் மேல் கொஞ்சம் வேலை பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் அந்தக் "கொஞ்சம் வேலை" எங்கே இருக்கிறது என்பதில்தான் என் கணிப்பு தவறியது. நல்ல மாடலாகத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நேரத்தில் பெரும்பங்கு போனது "எது ஆவணம்" என்று முடிவு செய்வதிலும், எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்வதிலும்தான்.

## முதலில் அளவுகோல்

எதையும் ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன், அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. மொத்தப் படங்களிலிருந்து 400 படங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து லேபிள் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. கிடைத்த கணக்கு இது: ஆவணம் 46, சாப்பாடு 38, இயற்கைக் காட்சி 71, மற்றவை 245.

அந்த 245 என்ற எண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் என் மூன்று ஃபோல்டரில் எதிலும் சேராத படங்கள். ஆட்கள், குழந்தைகள், வீட்டுக்குள் எடுத்தவை, தவறிப்போய் எடுத்த தரைப் படங்கள், யாரோ அனுப்பிய வாழ்த்து அட்டைகள். இந்த எண்ணைப் பார்க்காமல் இறங்கியிருந்தால், மூன்று ஃபோல்டருக்கு மூன்று லேபிள் என்று எழுதிவிட்டு, ஏன் எல்லாம் தப்பாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

லேபிள் போடும்போதே இன்னொரு சிக்கலும் தெரிந்தது. வெள்ளைப் பலகையில் எழுதிய குறிப்பின் படம் ஆவணமா? பயணச் சீட்டின் ஸ்கிரீன்ஷாட்? பின்னணியில் பெயர்ப் பலகை தெரிய ஒருவர் நிற்கும் படம்? முதல் சுற்றில் ஒரே மாதிரியான படங்களுக்கு நானே இரண்டு விதமாக லேபிள் போட்டிருந்தேன். நானே குழம்பினால் மாடல் என்ன செய்யும்? அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பின்னொரு நாள் அந்தப் படத்தைத் திறந்தால், அதில் இருக்கும் எழுத்தைப் படிக்கத்தான் திறப்பேனா? ஆம் என்றால் ஆவணம். வெள்ளைப் பலகை உள்ளே, பயணச் சீட்டு உள்ளே, பெயர்ப் பலகைக்கு முன் நிற்பவர் வெளியே, வாழ்த்து அட்டை வெளியே. மேலே சொன்ன 46 என்பது இந்த விதிப்படி திருத்திய பின் வந்த எண்.

## முதல் முயற்சி: இமேஜ்நெட் மாடல்

வகை குறித்த படங்களின் பெருந்தொகுப்பான இமேஜ்நெட்டில் பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-50 மாடல்தான் கைக்கு எளிதில் கிடைத்தது, அதனால் அதையே முதலில் எடுத்தேன். அதற்குத் தெரிந்தவை 1000 வகைகள். அவற்றை என் நான்கு ஃபோல்டருக்கு ஒரு பட்டியல் போட்டு மாற்றிவிடலாம் என்பது திட்டம். இயற்கைக் காட்சிக்கு அது ஓரளவு சரிப்பட்டு வந்தது, ஏனென்றால் `seashore`, `lakeside`, `valley`, `alp` எல்லாம் அந்த ஆயிரத்தில் இருக்கின்றன. ஆவணம் என்று ஒரு வகை கிடையாது. அதனால் என் காகிதங்கள் `envelope`, `menu`, `web site`, `crossword puzzle` என்று சிதறின. ஆட்கள் படம் இன்னும் மோசம். மனிதர் என்ற பொது வகையும் அந்தப் பட்டியலில் இல்லை, எனவே உடுத்தியிருந்த துணியை வைத்து `suit`, `jersey`, `sarong` என்று வந்தது. ஆயிரம் வகையையும் உட்கார்ந்து நான்காகப் பிரித்தாலும், பாதிப் படங்களுக்கு அடிப்படையே இல்லாத பதில்தான் கிடைக்கும். ஒரு மாலைப் பொழுதோடு இதை விட்டுவிட்டேன்.

## இரண்டாவது: கிளிப்

ஓப்பன்ஏஐ 2021 ஜனவரியில் வெளியிட்ட கிளிப் மாடல் வேறு விதமாகப் பயின்றது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் கொடுத்து, எந்தப் படத்துக்கு எந்த வாசகம் பொருந்தும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் நிலையான வகைப் பட்டியல் எதுவும் கிடையாது. படத்தையும் 512 எண்களாக மாற்றும், வாக்கியத்தையும் 512 எண்களாக மாற்றும். இரண்டும் எவ்வளவு ஒரே திசையில் இருக்கின்றன என்று பார்த்தால், பொருத்தம் தெரிந்துவிடும். வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அது பயின்ற வாசகங்கள் அப்படி.

எனக்கு மிகவும் பயன்பட்டது இதன் இன்னொரு குணம். படத்தை எண்களாக மாற்றும் வேலை ஒரே ஒரு முறைதான். ஒரு படத்துக்கு 512 எண்கள், எண்ணுக்கு 4 பைட், ஆக 2 கிலோபைட். என் 11,840 படங்களுக்கும் சேர்த்து சுமார் 24 எம்பி. இதை ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டால், அப்புறம் வாக்கியத்தை மாற்றுவது, விதியை மாற்றுவது, வேறு மாதிரி பிரித்துப் பார்ப்பது எல்லாம் சில வினாடி வேலை. படங்களைத் திரும்பத் திறக்கவே வேண்டாம். எல்லாமே என் லேப்டாப்பிலேயே ஓடியது. அடையாள அட்டைகளும் வங்கிக் காகிதங்களும் கலந்து கிடக்கும் குவியலை வெளியில் எங்கும் ஏற்ற எனக்கு மனம் இல்லை.

முதலில் மூன்று வாக்கியம் மட்டும் கொடுத்தேன்: ஆவணத்தின் படம், சாப்பாட்டின் படம், இயற்கைக் காட்சியின் படம். ஓட்டிப் பார்த்தால் இயற்கைக் காட்சி ஃபோல்டர் நிறைய எங்கள் உறவினர்கள்! ஒரு பிறந்தநாள் படத்தை எடுத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். அதற்கு வந்த பொருத்த மதிப்புகள்: இயற்கைக் காட்சி 0.22, சாப்பாடு 0.20, ஆவணம் 0.19. மூன்றுமே குறைவு, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இந்த மாடல் நிகழ்தகவு கணக்கிடும்போது இந்த எண்களை 100-ஆல் பெருக்கி, அதற்குப் பிறகு எல்லாம் சேர்ந்து 100% வரும்படி மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் கணக்கைப் போடுகிறது. 22, 20, 19 என்று ஆகிவிடுகிறது. வித்தியாசம் 2 என்றால் அது e என்ற 2.718-இன் இருமடி, ஏறக்குறைய 7.4 மடங்கு. வித்தியாசம் 3 என்றால் 20 மடங்கு. கடைசியில் திரையில் வருவது: இயற்கைக் காட்சி 84%, சாப்பாடு 11%, ஆவணம் 4%.

அந்த 84%-ஐப் பார்த்தால் மாடல் உறுதியாகச் சொல்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அது சொல்வதோ "இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இது" என்பது மட்டுமே. நான்காவது பதில் சொல்ல நான் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

சரி, "மற்றவை" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால்? `a photo of something else` என்று எழுதிப் பார்த்தேன், எந்தப் பலனும் இல்லை. யோசித்தால் காரணம் புரியும்: யாரும் தன் படத்துக்குக் கீழே "வேறு ஏதோ ஒன்றின் படம்" என்று எழுதுவதில்லை, ஆகவே அந்தச் சொற்களுக்கு எந்தப் படமும் பொருந்தாது. மற்றவை என்றால் என்னென்ன என்று பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆட்கள், கூட்டமாக நிற்பவர்கள், வீட்டு அறை, வாகனம், விலங்கு, வாழ்த்து அட்டை, மங்கலான படம் என்று ஒன்பது வாக்கியம் எழுதினேன். மற்ற ஃபோல்டர்களுக்கும் அப்படியே, ஆவணத்துக்கு மட்டும் ஆறு: அச்சிட்ட காகிதம், கையெழுத்துக் குறிப்பு, ரசீது, அடையாள அட்டை, வெள்ளைப் பலகை, எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட். ஒரு ஃபோல்டரின் மதிப்பு என்பது அதன் வாக்கியங்களில் மிக அதிகமாகப் பொருந்தியதன் மதிப்பு. கூட்டினால் ஒன்பது வாக்கியம் வைத்திருக்கும் "மற்றவை" எண்ணிக்கையாலேயே ஜெயித்துவிடும், அதனால் கூட்டவில்லை.

இதற்கு அப்புறம்தான் மதிக்கத்தக்க விடை வந்தது. சோதனைக்கு வைத்த 46 ஆவணங்களில் 37 சரியான இடத்துக்குப் போயின. ஆவணம் இல்லாத 14 படங்கள் ஆவண ஃபோல்டருக்குள் நுழைந்தன.

## தவறிய ஒன்பதைப் பார்த்தபோது

இந்த இடத்தில் பெரிய மாடலுக்குத் தாவலாமா என்று கை துறுதுறுத்தது. அதை அடக்கிக்கொண்டு, தவறிய ஒன்பது படங்களையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதுவே சரியான முடிவாக இருந்தது.

நான்கு படங்கள் சாப்பாடு ஃபோல்டருக்குப் போயிருந்தன. உணவக ரசீது இரண்டு, உணவுப் பட்டியல் அட்டை ஒன்று, பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்ட விவரம் ஒன்று. எதிலும் சாப்பாடு இல்லை, சாப்பாட்டின் பெயர்கள் இருக்கின்றன. கிளிப் எழுத்தை ஓரளவு வாசிக்கும் என்பது தெரிந்த விஷயம். ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களே 2021-இல் ஓர் ஆப்பிள் பழத்தின் மேல் "iPod" என்று எழுதிய தாளை ஒட்டிக் காட்ட, மாடல் அதை ஐபாட் என்றே சொன்னது. என் ரசீதுக்கு நடந்ததும் அதேதான். காகிதம் என்ற உருவத்தைவிட அதில் எழுதியிருந்த சொல் ஓங்கிவிட்டது. வாக்கியங்களை எப்படி மாற்றி எழுதினாலும் இது முழுதாகப் போகவில்லை.

அடுத்த மூன்று, நீளமான ஸ்கிரீன்ஷாட்டுகள். இவற்றின் காரணம் மாடலுக்குள் இல்லை, படம் அதன் உள்ளே போகும் வழியில் இருந்தது. கிளிப் வாங்கிக்கொள்வது 224-க்கு 224 அளவுள்ள சதுரப் படம். வழக்கமான முன்தயாரிப்பில், படத்தின் குறுகிய பக்கத்தை 224-க்குச் சுருக்கி, நடுவிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுக்கிறார்கள். 1080-க்கு 2400 என்று இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் நடுவில் 1080 மட்டும் மிஞ்சும், அதாவது 45%. என் பயணச் சீட்டின் நடுப்பகுதியில் இருந்தது ஒரு விளம்பரப் படம். பெயர், எண், தேதி எல்லாம் மேலேயும் கீழேயும். மாடல் அவற்றைப் பார்க்கவே இல்லை!

வெட்டுவதற்குப் பதிலாக ஓரங்களில் சாம்பல் பட்டை சேர்த்துச் சதுரமாக்கினேன். எழுத்து இன்னும் சிறியதாகும், படிக்க முடியாது. பரவாயில்லை, இங்கே படிக்க வேண்டியதில்லை. வரிவரியாக எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

```python
from PIL import Image, ImageOps

def load(path):
    im = Image.open(path)
    im.draft("RGB", (448, 448))
    im = ImageOps.exif_transpose(im).convert("RGB")
    return ImageOps.pad(im, (224, 224), color=(127, 127, 127))
```

இதில் `draft` வரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப்பில் நேரத்தைத் தின்றது மாடல் அல்ல, பெரிய ஜேபெக் கோப்புகளைப் பிரித்துத் திறப்பதுதான். `draft` சொன்னால், திறக்கும்போதே பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிய அளவில் திறக்கும். அதைச் சேர்த்த பிறகு மொத்தப் படங்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன.

`exif_transpose` வரியையும் விட்டுவிடக் கூடாது. போன் படத்தைப் பக்கவாட்டாகவே சேமித்துவிட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும், கோப்போடு சேர்ந்திருக்கும் எக்சிஃப் விவரத்தில் எழுதியிருக்கும். நாம் பார்க்கும் செயலி அதைப் படித்துத் திருப்பிவிடும், நம் நிரல் திருப்பாது. ஆனால் ஆவணங்களில் இதுவும் முழுத் தீர்வு இல்லை. மேசையில் கிடக்கும் காகிதத்தை நேர்மேலே இருந்து எடுக்கும்போது போன் தரைக்கு இணையாக இருக்கிறது, எது மேல் எது கீழ் என்று அதன் உணரிக்குத் தெரிவதில்லை, குறிப்பே தப்பாக எழுதப்படுகிறது. தவறிய ஒன்பதில் மீதி இரண்டு இப்படிப் படுத்துக்கிடந்த கையெழுத்துத் தாள்கள்தான்.

## மூன்றாவது: வாக்கியத்தை விட்டுவிட்டு உதாரணம்

பட்டை சேர்த்ததில் ஸ்கிரீன்ஷாட்டுகள் சரியாகின. ரசீதும் பக்கவாட்டுத் தாள்களும் சரியாகவில்லை. இந்த இடத்தில் வாக்கியங்களை மெருகேற்றுவதை நிறுத்தினேன். 512 எண்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. "ரசீது என்றால் என்ன" என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, ரசீதுகளைக் காட்டிவிட்டால் போதாதா?

சோதனைக்கு வைத்த 400-ஐத் தொடாமல், புதிதாக 360 படங்களுக்கு லேபிள் போட்டேன். மூன்று ஃபோல்டருக்கும் எழுபது எழுபது, மற்றவைக்கு 150. குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. கிளிப் தடுமாறிய படங்களை, அதாவது முதல் இரண்டு ஃபோல்டரின் மதிப்பும் நெருங்கி வந்த படங்களைத் தேடித் தேடி எடுத்தேன். தெளிவான கடற்கரைப் படம் இன்னொன்று காட்டினால் அது எதுவும் புதிதாகக் கற்காது. எல்லையில் நிற்பவைதான் எல்லையைக் கற்றுத்தரும். பிறகு அந்த 512 எண்களின் மேல், உதாரணங்களிலிருந்து கற்று ஒவ்வொரு வகைக்கும் நிகழ்தகவு சொல்லும் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்.

```python
from sentence_transformers import SentenceTransformer
from sklearn.linear_model import LogisticRegression

model = SentenceTransformer("clip-ViT-B-32")
X = model.encode([load(p) for p in train_paths],
                 normalize_embeddings=True)
clf = LogisticRegression(C=10, max_iter=2000).fit(X, y_train)
```

பயிற்சி ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. சோதனையில் 46-க்கு 45 ஆவணங்கள் சரி. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு உறுத்தல். ஆவணத்தை யாரும் ஒரு முறை மட்டும் எடுப்பதில்லை, மங்கலாக இருக்குமோ என்று மூன்று முறை எடுப்போம். அந்த மூன்றில் ஒன்று பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் இருந்தால், மாடல் ஏற்கெனவே பார்த்த படத்தையே மறுபடி பார்க்கிறது, மதிப்பெண் வீங்கும். பயிற்சிப் படங்கள் ஒவ்வொன்றையும் சோதனைப் படங்களோடு ஒப்பிட்டு, பொருத்தம் 0.95-க்கு மேல் இருந்தவற்றையும், சோதனைப் படம் எடுத்த அதே நாளில் எடுத்தவற்றையும் நீக்கினேன். 31 படங்கள் போயின. திரும்பப் பயிற்றுவித்ததில் ஆவணம் 44 சரி, உள்ளே நுழைந்த தப்பான படங்கள் 5. இந்த 44-ஐத்தான் நான் நம்புகிறேன். ரசீது நான்கும் இப்போது ஆவணத்தில் சரியாக இருந்தன.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. 46 படங்களில் ஒரு படம் என்பது 2% மேல். 44-ஓ 45-ஓ வந்ததை வைத்து இரண்டு அமைப்புகளில் எது சிறந்தது என்று சொல்லவே முடியாது. உண்மையான விகிதம் 90% பக்கம் இருந்தாலும் எனக்கு இந்த எண் வந்திருக்கலாம். ஆகவே ஒரு படம் கூடியது, குறைந்தது என்று அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பதை அங்கேயே நிறுத்தினேன்.

சாப்பாட்டில் 38-க்கு 36, இயற்கைக் காட்சியில் 71-க்கு 65. தவறிய ஆறு காட்சிகளும் ஒரே ரகம், மலையோ கடலோ பெரிதாக இருக்க, ஓரத்தில் சின்னதாக ஓர் ஆள். அதை நானே எந்த ஃபோல்டரில் வைப்பேன் என்று தயங்குவேன், எனவே அப்படியே விட்டேன்.

## ஒவ்வொரு ஃபோல்டருக்கும் வேறு வரம்பு

எந்த வகைக்கு நிகழ்தகவு அதிகமோ அதில் போடு என்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் எல்லாத் தவறும் ஒரே அளவு என்று ஆகிவிடுகிறது. எனக்கு அப்படி இல்லை. ஆவண ஃபோல்டருக்குள் ஒரு வாழ்த்து அட்டை வந்துவிட்டால், பார்த்ததும் ஒரு கிளிக்கில் வெளியே தள்ளிவிடலாம். ஓர் அடையாள அட்டையின் படம் ஆறாயிரம் "மற்றவை" படங்களுக்குள் புதைந்துவிட்டால், தேவைப்படும் நாள் வரை அது தொலைந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அதனால் ஆவணத்துக்கான வரம்பை 0.25 என்று தாழ்த்தி வைத்தேன். வேறு வகை அதைவிட அதிகமாக இருந்தாலும் சரி, 0.25 தொட்டால் ஆவணம். சாப்பாட்டுக்கும் காட்சிக்கும் 0.6 வேண்டும். முன்னணியில் இருந்தும் 0.6 தொடவில்லை என்றால் "சந்தேகம்" என்ற ஃபோல்டர். சோதனையில் ஆவணம் 45 ஆனது, தப்பாக நுழைந்தவை 5-லிருந்து 11 ஆகின. இந்தப் பேரம் எனக்குச் சம்மதம். விட்டுப்போன அந்த ஒன்று, பட்டமளிப்பு நாளில் கையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் சிரிக்கும் படம். எழுத்தைப் படிக்கத்தான் திறப்பேன் என்று அன்று நான் லேபிள் போட்டிருக்கிறேன், மாடலுக்கோ அது நாலு பேர்.

## கோப்பை நகர்த்தும்போது

வகைப்படுத்தல் தப்பானால் திருத்திக்கொள்ளலாம், கோப்பு அழிந்தால் திரும்ப வராது. அதனால் முதல் ஓட்டத்தில் எதையும் நகர்த்தாமல் பழைய இடம், புதிய இடம், நான்கு நிகழ்தகவுகள் ஆகியவற்றை ஒரு சிஎஸ்வி கோப்பில் மட்டும் எழுதினேன். பிறகு மொத்தத்தையும் இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஓட்டினேன். நல்லவேளை, பிரதியில்தான் ஓட்டினேன். முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் 212 படங்கள் குறைந்தன. இரண்டு போனும் `IMG_0001.jpg` என்றே பெயர் வைக்கின்றன. முன்பு வெவ்வேறு ஃபோல்டரில் இருந்தவை இப்போது ஒரே ஃபோல்டருக்கு வந்ததும், `shutil.move` பின்னால் வந்ததை முன்னால் இருந்ததன் மேல் எழுதிவிட்டது, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஹாஷின் முதல் எட்டு எழுத்தைப் பெயருக்கு முன்னால் சேர்த்தபின் இது நின்றது. நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் கோப்புகளை எண்ணுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

சில போன்கள் படத்தைச் சேமிக்கும் `.heic` கோப்புகளிலும் இதே போல் ஒரு மௌனமான இழப்பு. படங்களைத் திறக்க நான் பயன்படுத்திய பில்லோ நூலகம் தானாக அவற்றைத் திறக்காது. என் நிரலில் திறக்க முடியாததைத் தாண்டிப் போ என்று எழுதியிருந்தேன், அது ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. `pillow-heif` நிறுவி, `register_heif_opener()` என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. தாண்டியவற்றின் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி மாற்றினேன்.

கடைசி ஓட்டத்தில் வந்த கணக்கு: ஆவணம் 1,630, சாப்பாடு 1,010, இயற்கைக் காட்சி 1,880, சந்தேகம் 690, மற்றவை 6,630. சந்தேகத்தில் இருந்ததை ஒரு மாலையில் கையாலேயே பிரித்தேன்.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது மற்றவை ஃபோல்டர்தான். அதிலிருந்து குலுக்கல் முறையில் 200 படங்களை எடுத்துப் பார்த்தேன், ஓர் ஆவணம் இருந்தது. 200-க்கு ஒன்று என்றால் 6,630-இல் முப்பது சொச்சம் இருக்கலாம். முழுதையும் பார்க்கத் தேவையில்லை, நிகழ்தகவுகள் சிஎஸ்வியில் இருக்கின்றனவே. ஆவண நிகழ்தகவு 0.25-க்குச் சற்றுக் கீழே இருந்தவற்றிலிருந்து இறங்குவரிசையில் அடுக்கி, முதல் 300 படங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் 19 ஆவணங்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்தவை, விளக்கொளி பட்டு எழுத்து வெளுத்திருந்தது. என் 360 பயிற்சிப் படங்களில் உறை போட்ட காகிதம் ஒன்றுகூட இல்லை. அந்த 19-ஐயும் பயிற்சியில் சேர்த்து மறுபடி ஓட்டியபோது இன்னும் 7 வெளியே வந்தன, அதற்கு அடுத்த சுற்றில் எதுவும் வரவில்லை.